ஜெர்மன் ‘ஸீ’, ‘டூ’வைத் தமிழ் சப்டைட்டிலில் எப்படிச் சொல்வது: மூன்று வழி

ஜெர்மன் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுத உட்காரும் எல்லாரும் முதலில் நினைப்பது, ஆங்கிலத்தில் இல்லாத வசதி நமக்கு இருக்கிறதே என்றுதான். ஜெர்மன்காரர்களுக்கு மரியாதைக்கு ‘ஸீ’, நெருக்கத்துக்கு ‘டூ’. நமக்கு நீங்க, நீ. நேராக மாற்றிவிடலாம் என்று தோன்றும். பத்து நிமிடப் படம் ஓடியதுமே இடிக்க ஆரம்பிக்கும், ஏனென்றால் ஜெர்மனில் பெரியவர்கள் இருவர் பேசினால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஸீ என்றால் இருவரும் ஸீ, டூ என்றால் இருவரும் டூ. நம் ஊரிலோ மேலதிகாரி நீ என்பார், கீழே இருப்பவர் நீங்க என்பார், அது யாருக்கும் உறுத்தாது.

ஒரு காட்சியை வைத்தே பார்ப்போம். ஹாம்பர்க் காவல் நிலையம், ஐம்பத்தெட்டு வயது அதிகாரி கரின், புதிதாக வந்த இளைஞன் யோனாஸ். பாதிப் படம் வரை ஸீ. ஒரு ராத்திரி காபி குடிக்கும்போது கரின் சொல்கிறார்: “வோலன் வியர் உன்ஸ் நிஷ்ட் டூட்ஸன்? இஷ் பின் கரின்.” இனி டூ போட்டுப் பேசலாமே, என் பெயர் கரின், என்று பொருள். வயதிலோ பதவியிலோ மூத்தவர்தான் இதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம், அதனால் இது சாதாரண வரி இல்லை, ஒரு கதவு திறக்கிறது.

வசனம் 2 நொடி. நொடிக்கு 17 எழுத்துக்குறி என்ற அளவில் வேலை செய்தால் (இது இடத்துக்கு இடம் மாறும்) 34 தான் கையில் இருக்கிறது. யூனிகோட் குறிகளை எண்ணும் மென்பொருளில் புள்ளியும் கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் தனித்தனியாகக் கணக்கில் வரும்: ‘நீங்கள்’ கண்ணுக்கு நாலு எழுத்து, மென்பொருளுக்கு 7. ‘நீங்க’ என்றால் 5. ‘வாருங்கள்’ 9, ‘வாங்க’ 5. அதனால் மரியாதையைப் பேச்சு வழக்கில் எழுதுவது இயல்புக்காக மட்டும் இல்லை, இடத்துக்காகவும்தான்.

முதல் வழி, சொல்லுக்குச் சொல். “நாம் ஒருவரையொருவர் 'நீ' என்று அழைத்துக்கொள்ளலாமா? நான் கரின்.” எண்ணிப் பார்த்தால் 61, ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைவிட மோசம் அடுத்த காட்சி: யோனாஸ் அவரைப் பார்த்து “நீ சொன்னது சரி” என்கிறான். ஜெர்மனில் அது தோழமை, தமிழ் வாசகருக்கு அது திமிர்.

இரண்டாவது வழி, நம் ஊர்ப் பழக்கப்படி எழுதுவது. கரின் ஆரம்பம் முதலே நீ, யோனாஸ் கடைசி வரை நீங்க. படிக்க வழுவழுப்பாக இருக்கும், ஆனால் காபி காட்சியில் மாறுவதற்கு எதுவுமே மிச்சமில்லை. ஆங்கிலச் சப்டைட்டிலை வைத்துத் தமிழ் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால், ஐம்பதாவது நிமிடத்தில் இந்த வரி வந்த பிறகுதான் தெரிந்தது, அப்புறம் முதல் வரியிலிருந்து திருத்த வேண்டியதாயிற்று.

மூன்றாவது, யாரையும் சுட்டாமல் நழுவுவது. “வந்தாச்சா?”, “போகலாமா?”, “பார்க்கணும்”. ‘வந்தீங்களா’ 10, ‘வந்தாச்சா’ 9, இடமும் கொஞ்சம் மிச்சம். ஓரிரு வரிக்கு அருமையான வழி, ஒரு படம் முழுக்கச் செய்தால் எல்லாரும் ஒரே ஆள் மாதிரி பேசுவார்கள்.

நான் எடுப்பது கலவை. மொழிபெயர்ப்பைத் தொடங்கும் முன் படத்தை ஜெர்மன் ஒலியோடு ஒருமுறை பார்த்து, யார் யாரிடம் ஸீ, எந்த நிமிடத்தில் டூ ஆகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். மாற்றமே இல்லாத ஜோடிக்கு இரண்டாவது வழி போதும். ஜெர்மன் பிள்ளை அப்பாவை டூ என்கிறது என்பதற்காகத் தமிழில் ‘நீ’ போட வேண்டியதில்லை, அந்த வீட்டின் தன்மை பார்த்து ‘நீங்க’ போடலாம். மாற்றம் வருகிற ஜோடிக்கு மட்டும் பாதை போட்டு வைக்க வேண்டும்: கரின் முதலில் யோனாஸை நீங்க என்பார், நம் அலுவலகங்களிலும் புதியவரிடம் அப்படிப் பேசுகிற மேலதிகாரிகள் உண்டே. யோனாஸ் கரினை அழைக்கும் ‘ஃப்ரௌ ப்ராண்ட்’, அதாவது திருமதி ப்ராண்ட், வரும் இடமெல்லாம் ‘மேடம்’. இப்போது காபி வரி தானாக வந்து விழுகிறது:

“மேடம் வேண்டாம், கரின்னே கூப்பிடு.”

33. அழைப்பும் இருக்கிறது, ‘கூப்பிடு’ என்ற வினையிலேயே நெருக்கமும் வந்துவிட்டது. அதன்பின் யோனாஸ் பெயர் சொல்லுவான், வினை மட்டும் நீங்கவிலேயே நிற்கும்: “கரின், இதைப் பாருங்க.” ஜெர்மனில் இருக்கும் சமத்துவம் இங்கே கொஞ்சம் குறைகிறதுதான், அதை நான் தெரிந்தே விடுகிறேன்.

இந்தப் பாதையின் பலன் கடைசியில் தெரியும். இருவருக்கும் சண்டை வந்து கரின் மறுபடி ஸீ-க்குத் திரும்புகிறார். ஜெர்மன்காரருக்கு அது கன்னத்தில் அறை. தமிழில் “ரிப்போர்ட்டை மேஜையில வைங்க” என்ற ஒரே வரி போதும், இருபது நிமிடமாக ‘நீ’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ‘வைங்க’ சுருக்கென்று குத்தும்.