விவாத மன்றப் பயிற்சிப் பெட்டி: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்களுடையது தமிழ்வழி அரசு உதவிபெறும் பள்ளி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை படிப்பவர்களுக்கு மாலையில் விவாத மன்றம் நடக்கிறது. அதற்காக வாங்கிய பயிற்சிப் பெட்டியைச் சில கல்வியாண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வெளியிட்டவர் பெயர் வேண்டாம். இதே அமைப்பில் இப்போது பல கிடைக்கின்றன, உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்: தலைப்பு அட்டைகள், மறுப்புப் பயிற்சி ஏடு, நடுவர் மதிப்பெண் தாள்.

முதலில் இது பட்டிமன்றப் பெட்டி அல்ல என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 1988இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியின் முறையைப் பின்பற்றுகிறது. அணிக்கு மூன்று பேச்சாளர்கள், ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம். அது முடிந்ததும் அணிக்கு ஒரு தொகுப்புரை, 4 நிமிடம். அதில் எதிர் அணி முதலில் பேசும், ஆதரவு அணி கடைசியில். நம் பிள்ளைகள் மேடை என்றாலே "நடுவர் அவர்களே" என்று தொடங்கி, ஒரு குறள், ஒரு நகைச்சுவை, ஒரு கைத்தட்டல் என்று போகிறவர்கள். அந்தத் திறமை வீணாகாது. ஆனால் எதிரில் இருப்பவர் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு பதில் சொல்லும் பழக்கம் அதில் வராது.

8 நிமிடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிகம். நாலாவது நிமிடத்தில் சரக்கு தீர்ந்து, சொன்னதையே சொல்ல ஆரம்பிப்பார்கள். பெட்டியிலேயே 5 நிமிடக் குறுவடிவம் இருக்கிறது. ஆறு பேருக்கு 30 நிமிடம், தொகுப்புரைகளுக்கு மும்மூன்று நிமிடம் என்றால் 36 ஆகிறது. நடுவர் யோசிக்கவும் விளக்கம் சொல்லவும் கால் மணி நேரம் வேண்டும். அதனால் 45 நிமிடப் பாடவேளைக்குள் அடங்காது, பள்ளி விட்ட பிறகுதான் நடத்த முடியும். வகுப்பு நேரத்திலேயே முடிக்க நினைப்பவர்கள் அணிக்கு இரண்டு பேர் என்று குறைத்துக்கொள்ளலாம்.

தலைப்பு அட்டைகள்தான் பெட்டியின் பலவீனமான பகுதி. பாதி அட்டைகளில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே பேச்சு இருக்கிறது. "மரங்களைப் பாதுகாக்க வேண்டும்" என்றால் எதிர் அணி என்னதான் பேசும்? நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அட்டையைக் கொடுத்து, இரு பக்கத்துக்கும் கால் மணி நேரத்தில் மும்மூன்று வாதம் எழுதச் சொல்வேன். ஒரு பக்கம் இரண்டோடு நின்றுவிட்டால் அந்த அட்டை ஓரமாகப் போய்விடும். இப்படி ஓரமாய்ப் போனவைதான் அதிகம். இப்போது தலைப்புகளை நாங்களே எழுதிக்கொள்கிறோம்.

பெட்டிக்குக் கொடுத்த காசு மறுப்புப் பயிற்சி ஏட்டுக்குச் சரியாய்ப் போயிற்று. பயிற்சி எளிதானது. இருவர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் ஒரு வாதத்தை அரை நிமிடத்தில் சொல்வார். மற்றவர் 15 விநாடி யோசித்து, 45 விநாடியில் மறுக்க வேண்டும். மறுப்புக்கு நாலு படி: அவர்கள் சொன்னது இது, நாங்கள் ஏற்கவில்லை, ஏனென்றால், ஆகவே இந்த விவாதத்தில் இதன் விளைவு இது. பிள்ளைகள் விட்டுவிடுவது எப்போதும் நாலாவது படியைத்தான்.

ஏடு சொல்லித் தரும் இன்னொன்று, ஒரு வாதத்தை மூன்று இடத்தில் தாக்கலாம் என்பது. சொன்ன செய்தியே உண்மையில்லை எனலாம். செய்தி உண்மை, காரணம் அதுவல்ல எனலாம். காரணமும் அதுவே, ஆனாலும் உங்கள் தீர்வு பலன் தராது எனலாம். எங்கள் மன்றத்தில் நடந்த ஒரு விவாதத்தை வைத்தே சொல்கிறேன். தலைப்பு: எட்டாம் வகுப்பு வரை எல்லோரையும் தேர்ச்சி பெறச் செய்யும் முறையைக் கைவிட வேண்டும்.

ஆதரவு அணியின் வாதம் நாம் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்பதுதான். ஃபெயில் ஆக மாட்டோம் என்று தெரிந்ததால் பிள்ளைகள் படிப்பதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்கத் தெரியவில்லை. எதிர் அணிப் பையன் எழுந்ததும், "குழந்தைகளைப் பயமுறுத்தித்தான் படிக்க வைக்க வேண்டுமா? பயத்தில் வளரும் சமுதாயம் முன்னேறுமா?" என்றான். கைத்தட்டல் கிடைத்தது, மறுப்பு ஒன்றும் வரவில்லை. பயிற்சி ஏட்டின்படி மறுபடி சொல்லச் சொன்னபோது, "அவங்க சொல்றதே தப்பு சார், எல்லாரும் நல்லாத்தான் வாசிக்கிறாங்க" என்று முதல் இடத்தில் கை வைத்தான். அது இன்னும் மோசம். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை எல்லா ஆசிரியரும் பார்த்திருக்கிறார்கள். கண்ணெதிரே இருப்பதை இல்லை என்கிறவர் அடுத்துச் சொல்வதை எந்த நடுவரும் நம்ப மாட்டார்.

இரண்டாவது இடம்தான் அவனுக்கு உரியது. கொஞ்ச நேரம் கழித்து அதை அவனே பிடித்தான். வாசிப்பு நின்றுபோவது இரண்டாம், மூன்றாம் வகுப்பில். ஏழு வயதுக் குழந்தை, எட்டாம் வகுப்பில் ஃபெயில் போட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டா எழுத்துக் கற்காமல் இருக்கிறது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தை 2019இல் திருத்தியபோதும், ஐந்திலும் எட்டிலும்தான் தேர்வு வைத்து நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தார்கள். அதாவது, கோளாறு தொடங்கிப் பல ஆண்டு கழித்துத்தான் அந்தப் பயம் வந்து சேர்கிறது. ஆகவே அவர்கள் காட்டிய பிரச்சினைக்கும் சொல்லும் தீர்வுக்கும் தொடர்பில்லை என்று முடித்தான். நாலு படியும் இதில் இருக்கின்றன.

அடுத்து வந்த எதிர் அணிப் பேச்சாளர் மூன்றாவது இடத்துக்குப் போனார். நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைக்கு அதே பாடத்தை அதே மாதிரி இன்னொரு வருடம் நடத்தினால் என்ன மாறிவிடும் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் ஆதரவு அணியில் ஒரு மாணவி சட்டத் திருத்தத்தையே படித்துவிட்டு வந்திருந்தாள். எடுத்த எடுப்பில் நிறுத்திவைக்கச் சட்டம் சொல்லவில்லை, கூடுதல் பயிற்சி கொடுத்து, முடிவு வந்த இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைக்கச் சொல்கிறது, அதிலும் தேறாவிட்டால்தான் நிறுத்தலாம் என்றாள். எதிர் அணி பதில் இல்லாமல் உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டதைச் சொல்லி, ஏன் கைவிட்டார்கள் என்ற பக்கம் விவாதத்தைத் திருப்பியிருக்கலாம். அது யாருக்கும் தோன்றவில்லை. பெட்டியின் குறை இங்கே தெரிகிறது: படிகளைச் சொல்லித் தருகிறது, தலைப்புக்கான அடிப்படைத் தகவலை அட்டையின் பின்பக்கம்கூட அச்சிடவில்லை. தகவல் இல்லாத இடத்தில் பிள்ளைகள் திரும்பவும் குறளுக்கே போவார்கள்.

குறிப்பெடுக்கும் தாள் ஏட்டில் ஒரே ஒரு பக்கம்தான், அதுவும் கட்டங்கள் சின்னது. நாங்கள் அதை விட்டுவிட்டு, ஏ3 வெள்ளைத் தாளைப் படுக்கை வாக்கில் வைத்துப் பேச்சாளருக்கு ஒரு பத்தியாகக் கோடு போட்டுக்கொள்கிறோம். ஆதரவு அணிக்கு நீலம், எதிர் அணிக்குச் சிவப்பு. ஒரு வாதத்துக்குப் பதில் வந்தால் அதிலிருந்து அம்புக்குறி. விவாதம் முடிந்து பார்த்தால், அம்பு படாமல் நிற்கும் வாதங்கள் எவை என்று பளிச்சென்று தெரியும். அதுவரை மற்ற அணி சொன்னதற்குப் பதில் சொல்வதுதான் மூன்றாவது பேச்சாளரின் முக்கிய வேலை, அவருக்கு இந்தத் தாள்தான் உரை. அவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்தால் அவர் வேலை நடக்கவில்லை என்று அர்த்தம்.

மதிப்பெண் தாளுக்குப் பழக நாள் பிடித்தது. உள்ளடக்கம் 40, வெளிப்பாடு 40, உத்தி 20 என்று பிரிவு. ஆனால் முழு உரைக்கு 60க்குக் கீழேயும் 80க்கு மேலேயும் போடக்கூடாது, சராசரிப் பேச்சு 70. தொகுப்புரைக்கு இதில் பாதி. முதலில் நடுவராக வந்த சக ஆசிரியர் எல்லோருக்கும் 90 போட்டுவிட்டார். "68தானா சார்?" என்று முகம் வாடிய பிள்ளைகளும் உண்டு. பள்ளித் தேர்வு மதிப்பெண் போல இதைப் பார்க்கக் கூடாது என்று பெற்றோருக்கும் சொல்லி வைப்பது நல்லது.

எல்லோரும் தடுமாறுவது உத்தி என்ற பிரிவில். அழகாகப் பேசினால் அங்கேயும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது நேரத்தையும் வரிசையையும் பார்ப்பதற்கானது. மேலே சொன்ன விவாதத்தில் ஒரு பையன் 5 நிமிடத்தில் நாலே கால் நிமிடம் தன் வாதத்துக்கே செலவிட்டு, மறுதேர்வு பற்றிய மாணவியின் வாதத்தைத் தொடாமலே உட்கார்ந்தான். குரல் அருமை. அவனுக்கு உள்ளடக்கம் 28, வெளிப்பாடு 30, உத்தி 12, ஆக 70. மாணவிக்குத் தாழ்ந்த குரல், காகிதத்தைப் பார்த்தே பேசினாள். ஆனால் அன்றைய விவாதம் எதில் தொங்கியதோ அதை முதல் ஒரு நிமிடத்திலேயே எடுத்தாள். உள்ளடக்கம் 30, வெளிப்பாடு 26, உத்தி 16, ஆக 72. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பையனுக்குத்தான் கை தட்டினார்கள். தாள் இல்லாமல் நான் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அவர்களுக்கு விளக்கியிருக்க முடியாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. கூட்டுத்தொகை அதிகம் பெற்ற அணிதான் வெல்ல வேண்டும், சமன் என்று முடிக்கக் கூடாது. அதனால் மதிப்பெண்ணை ஒவ்வொரு உரை முடிந்ததும் பென்சிலில் போட்டு, கடைசியில் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பேனாவில் போட்டுவிட்டு, கூட்டிப் பார்த்தால் தோற்ற அணிக்கு அதிகம் வந்து நிற்கும்.

குறுக்குக் கேள்விக்கு ஏட்டில் தனிப் பயிற்சி இல்லை. அதை நாங்களே சேர்க்க வேண்டியிருந்தது. 8 நிமிட உரையில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் கேட்கக் கூடாது, நடுவில் எழுந்து நின்று கேட்கலாம், 15 விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது. 5 நிமிட உரைக்கும் இதையே வைத்துக்கொண்டோம். எங்கள் மன்றத்தில் பையன்கள் நிமிடத்துக்கு நாலு தடவை எழுவார்கள், பெண் பிள்ளைகள் எழவே மாட்டார்கள். ஒரு உரைக்கு அணிக்கு இரண்டு தடவைதான் எழலாம், அந்த இரண்டையும் ஒருவரே எடுக்கக் கூடாது என்று விதி வைத்த பிறகுதான் மாறியது. பேசுகிறவர் ஒரு கேள்வியாவது ஏற்க வேண்டும். ஏற்றுக்கொண்ட கேள்விக்கு "அதற்குப் பிறகு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போனால் நான் உத்தியில் குறைத்துவிடுகிறேன்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஏட்டையும் மதிப்பெண் தாளையும் தனியாகத் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். தந்தால் அதுவே போதும். தலைப்பு அட்டைக்குக் கொடுக்கும் காசில் ஏ3 தாளும் இரண்டு வண்ணப் பேனாவும் வருடத்துக்கு வாங்கிவிடலாம்.