முப்பது இலட்சம்: ஒரே எஃப்.டியா, மூன்று எஃப்.டியா?

சுன்னாகத்தில் புடவைக்கடை வைத்திருக்கும் என் பெரிய மாமாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. காணி விற்ற காசு முப்பது இலட்சம் கைக்கு வந்ததும் நிலையான வைப்பில் போடுவதென்று முடிவாயிற்று. எந்த விதமாகப் போடுவது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் இழுபறி. மாமாவுக்கு முழுத் தொகையையும் ஒரே சான்றிதழில், மாதாந்த வட்டிக்குப் போட விருப்பம். "மாசம் மாசம் வட்டி வரும்தானே தம்பி, பேந்தென்ன?" என்றார். என் சொந்தக் காசை நான் போட்ட மாதிரியே அதையும் மூன்றாகப் பிரித்துப் போடவேண்டும் என்பது என் கட்சி. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மாதாந்த வட்டியா முதிர்வில் வட்டியா என்ற கேள்வியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். மாதாந்தம் எடுத்தால் வீதம் கொஞ்சம் குறைவு, முதிர்வில் மொத்தமாக எடுத்தால் கொஞ்சம் கூட. கணக்குக்கு ஒரு வருட வைப்பென்று வையுங்கள். மாதாந்தம் 7.7 வீதம், முதிர்வில் 8 வீதம். வீதங்கள் வங்கிக்கு வங்கி, மாதத்துக்கு மாதம் மாறும், இது உதாரணம்தான். வீட்டுச் செலவுக்கு மாத வருமானம் வேண்டியவர் மாதாந்தத்தை எடுக்கட்டும். கடை வருமானத்தில் வீடு ஓடுகிறதென்றால் முதிர்வுக்கே விட்டுவிடலாம். மாதா மாதம் வரும் சில்லறை வட்டி சேமிப்புக் கணக்கில் கிடந்து கரைந்துபோவதைத்தான் நான் கூடுதலாகக் கண்டிருக்கிறேன்.

விஷயம் இருப்பது இடையில் உடைப்பதில். கடைக்காரனுக்கு ஒரு வருடம் முழுக்கக் காசைத் தொடாமல் இருக்க முடியாது. தீபாவளிக்குச் சரக்கு எடுக்கவேண்டும், கொழும்புக்காரன் கடனுக்குத் தரமாட்டேன் என்பான், கூரை ஒழுகும். ஏழாவது மாதம் முடிந்ததும் மாமாவுக்கு எட்டு இலட்சம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

உடைத்தால் வங்கி என்ன செய்யும் என்பதைச் சான்றிதழின் முன்பக்கம் சொல்லாது. அங்கே பெயர், தொகை, தொடங்கிய திகதி, முதிர்வுத் திகதி, வீதம், வட்டியை எப்படித் தருவார்கள், முதிர்ந்தால் புதுப்பிப்பதா இல்லையா என்பவைதான் இருக்கும். தண்டம் என்று ஒரு தொகை தனியாக எழுதப்பட்டிருக்காது. பொதுவாக நடப்பது இதுதான்: காசு உண்மையில் கிடந்த காலத்துக்கு ஒரு குறைந்த வீதம் போட்டு, முதல் நாளிலிருந்து வட்டியைத் திரும்பக் கணக்குப் பார்ப்பார்கள். அந்தக் குறைந்த வீதம் 6.5 என்று எடுப்போம்.

மாமா விரும்பியபடி போட்டிருந்தால் மாதம் 19,250 ரூபாய் வந்திருக்கும். ஏழு மாதத்தில் 134,750. புதுக் கணக்கின்படி அவருக்கு உரியது 113,750 மட்டும். மேலதிகமாகப் போன 21,000 ரூபாயை வங்கி முதல் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு 2,979,000 ரூபாயைக் கையில் தரும். இதைக் காட்டியதும் மாமா கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார். "என்ர முதலில கை வைக்கிறாங்களோ?" பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் முதிர்வில் வட்டி என்று போட்டிருந்தாலும் உடைக்கும் நாளில் கிடைப்பது அதே 113,750தான். மாதாந்தத்தில் முன்கூட்டியே கொடுத்ததைத் திரும்ப எடுப்பதால் முதல் குறைந்ததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆக, வட்டியை எப்போது வாங்குகிறோம் என்பதில் இந்த இழப்பு தங்கியிருக்கவில்லை.

எட்டு இலட்சம் தேவைப்பட்டதற்கு முப்பது இலட்சத்தையும் உடைக்கவேண்டி வந்ததுதான் இழப்பைப் பெருக்கியது. பெரும்பாலும் ஒரு சான்றிதழில் கொஞ்சத்தை மட்டும் எடுக்க விடமாட்டார்கள். உடைப்பதென்றால் முழுதாக உடைக்கவேண்டும். பத்துப் பத்து இலட்சமாக மூன்று சான்றிதழ் இருந்திருந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம், இழப்பும் 7,000 ரூபாயோடு நின்றுவிடும். மற்ற இரண்டும் பழைய வீதத்தில் ஓடிக்கொண்டிருக்கும். வட்டி வீதம் இறங்கிவரும் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. உடைத்த காசில் மீதியைத் திரும்பப் போடப் போனால் புது வீதம்தான் கிடைக்கும்.

"அப்ப எஃப்.டியை வைச்சுக் கடன் எடுக்கலாம்தானே?" என்று கடைப் பொடியன் ஒருவன் இடையில் கேட்டான். நல்ல கேள்வி. வைப்பை ஈடு வைத்து அதில் பெரும் பகுதியைக் கடனாகத் தருவார்கள். வட்டி, வைப்பின் வீதத்தை விட ஒன்றிரண்டு வீதம் கூட. இரண்டு என்று எடுத்தால் எட்டு இலட்சத்துக்கு இரண்டு மாதத்தில் மேலதிகச் செலவு 2,700 ரூபாய்க்குள்தான், ஏனென்றால் வைப்பும் மறுபக்கம் வட்டி உழைத்துக்கொண்டிருக்கும். முதிர்வு வரை ஐந்து மாதமும் கடன் நின்றால் ஏறக்குறைய 6,700. அதாவது பத்து இலட்சச் சான்றிதழ் ஒன்றை உடைக்கும் நட்டமும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சரக்கு விற்றுச் சீக்கிரம் கட்டிவிடலாம் என்றால் கடன் மலிவு. முதிர்வு நெருங்கிய சான்றிதழை எக்காரணம் கொண்டும் உடைக்கக்கூடாது, கடன்தான் எடுக்கவேண்டும்.

சரி, இந்த வழி ஒற்றைச் சான்றிதழுக்கும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டு இலட்சத்துக்காக முப்பது இலட்சச் சான்றிதழின் மூலப்பிரதி வங்கியில் ஈடாகக் கிடக்கும், கடன் முடியும்வரை மிச்சக் காசையும் தொட முடியாது. அதோடு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது மாமாவுக்கு அறவே பிடிக்காது.

பிரிப்பதில் இன்னொரு வசதி, முதிர்வுத் திகதிகளைக் கடையின் பருவத்துக்கு ஏற்ப வைக்கலாம். ஒன்றை சித்திரைப் புத்தாண்டுச் சரக்கு எடுக்கும் பெப்ரவரியில், ஒன்றைத் தீபாவளிக்கு முன் செப்டெம்பரில் முதிரவிட்டால் உடைக்கவோ கடன் வாங்கவோ வேண்டிய தேவையே வராமல் போகலாம். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதியும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் வரைதான். பத்து இலட்சமும் அதன் வருட வட்டியும் அதற்குள் அடங்கும் என்பதால் மூன்றையும் மூன்று வங்கியில் போடலாம் என்றேன். மாமா இரண்டு வங்கிக்குத்தான் இணங்கினார், மூன்றாவதற்கு நடக்கக் கால் வராதாம். நிதிக் கம்பனிகள் கூடுதல் வீதம் தருகின்றன, ஆனால் அங்கே நான் போட்டதில்லை. அதனால் அவற்றை உடைக்கும் விதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மூன்று சான்றிதழின் தொல்லை, மூன்று முதிர்வுத் திகதியை ஞாபகம் வைத்திருப்பது. அறிவுறுத்தல் கொடுக்காவிட்டால் வங்கி அதே காலத்துக்கு அன்றைய வீதத்தில் தானாகவே புதுப்பித்துவிடும். பிறகு போய்க் காசு கேட்டால் அதுவும் இடையில் உடைத்ததாகிவிடும். சில வங்கிகள் ஓரிரு நாள் பொறுப்பதுண்டு, அதை நம்பி இருக்கவேண்டாம். பெப்ரவரிச் சான்றிதழுக்குப் புதுப்பிக்கவேண்டாம், சேமிப்புக் கணக்கில் போடவும் என்று எழுதிக் கொடுத்தோம். திகதிகள் மூன்றும் கடை நாட்காட்டியில் சிவப்பு மையில் இருக்கின்றன.

வரி மூன்றுக்கும் ஒன்றுதான். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் பிடிக்கிறார்கள். கடை இலாபமும் வட்டியும் சேர்ந்து வருடத்துக்கு 18 இலட்சத்தைத் தாண்டாதவர் டின் இலக்கத்தோடு சுய பிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம். இரண்டு வங்கியென்றால் இரண்டிலும் கொடுக்கவேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் மாமா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், நான் சொல்லிக்கொடுத்தது. "ஆறாம் மாசம் உடைச்சா கையில எவ்வளவு வரும், ரூபாயில சொல்லுங்கோ பிள்ளை." வங்கிப் பிள்ளை கல்குலேட்டரைத் தட்டி, தாளில் எழுதிக் கொடுத்தது. அந்தத் தாளையும் சான்றிதழோடு சேர்த்துக் குத்தி வைத்திருக்கிறார்.