எதிர்ச்சாரியிலிருந்து படிக்க எழுத்து எவ்வளவு உயரம்? இரண்டு பலகைகள், நான்கு வருட அனுபவம்

சிங்கப்பூர் தேக்காவில் சிராங்கூன் சாலையைப் பார்த்த ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். முதல் பலகை ஒரு வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. இரண்டாவது பலகைக்கு இப்போது மூன்று வருடம். இரண்டையும் பார்த்துவிட்டதால் எழுதுகிறேன்.

முதல் பலகை போட்டபோது என் கவலையெல்லாம் நிறத்தைப் பற்றித்தான். எழுத்தின் உயரம் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எழுத்து 100 மில்லிமீட்டர், ஆங்கிலம், தமிழ் இரண்டும் ஒரே அளவு" என்றார் பலகை செய்பவர். கொட்டேஷனிலும் அப்படித்தான் இருந்தது. அரைச் சாண் அளவுக்குக் கொஞ்சம் குறைவு, போதும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பலகை ஏறி இரண்டு மாதம் கழித்து ஈசூனிலிருந்து ஓர் அம்மா வந்தார். வரும்போதே கோபம். "ஏம்மா, எதிர்ல நின்னுக்கிட்டு பத்து நிமிஷமா தேடுறேன். இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கு, எனக்கு அது படிக்க வராது. தமிழ்ல ஏதோ கோடு கோடா தெரியுது. கடை பேரைக் கொஞ்சம் பெருசா போடக்கூடாதா?" இரண்டும் ஒரே அளவாயிற்றே என்று எனக்குக் குழப்பம். அன்று மாலை சாலையைக் கடந்து அவர் நின்ற இடத்தில் நானும் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஆங்கிலம் படிக்க முடிந்தது. தமிழ் தமிழ்தான் என்று தெரிந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மறுநாள் ஏணி போட்டு ஏறி, துணி அளக்கும் டேப்பை வைத்தே அளந்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் அடி முதல் தலை வரை சரியாக 100 மி.மீ. தமிழ் வரியும் 100தான். ஆனால் அந்த 100 தொடங்கியது 'ல்' எழுத்தின் புள்ளிக்கு மேலே. முடிந்தது 'த'வின் வால் நுனியில். நடுவில் இருக்கும் உடம்பு, அதாவது 'ய' மட்டும் இருக்கும் உயரம், 55 மி.மீ.தான். ஆங்கிலத்தில் பெரிய எழுத்துகளாகவே எழுதினால் மேலேயும் கீழேயும் எதுவும் நீட்டாது. நமக்குப் புள்ளி, விசிறி, சுழி, வால் எல்லாம் உண்டு. ஒரே பெட்டிக்குள் இரண்டு மொழியையும் அடக்கினால் நம் எழுத்து பாதியாகச் சுருங்கிவிடும். 'ண', 'ன', 'ள' வேறுபாடெல்லாம் அந்த உடம்புக்குள்தான் இருக்கிறது. கண் படிப்பது அதைத்தான்.

லேசர் அளவி ஒன்றை இரவல் வாங்கி அளந்தேன். என் பலகையிலிருந்து எதிர் நடைபாதை 22 மீட்டர். பலகை செய்பவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது, பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. சிரமப்படாமல், நடந்துகொண்டே படிக்க இது போதும். மில்லிமீட்டரில் சொன்னால், தூரத்தை 120-ஆல் வகுக்க வேண்டும். 22 மீட்டருக்கு 183 மி.மீ. வருகிறது. நின்று, உற்றுப் பார்த்துப் படிப்பதற்கு முப்பது அடிக்கு ஓர் அங்குலம் என்பார்கள். அது தூரத்தை 360-ஆல் வகுப்பது, 61 மி.மீ. கண் மருத்துவர் அட்டையில் 6/6 பார்வை உள்ளவர் தூரத்தில் சுமார் 690-இல் ஒரு பங்கு உயர எழுத்தைப் படித்துவிடுவார். 22 மீட்டரில் அது 32 மி.மீ. பார்வை பாதியானவருக்கு, அதாவது 6/12 என்றால், 64 வேண்டும். ஆனால் அந்த அட்டையில் எளிய ஆங்கில எழுத்துகள், நல்ல வெளிச்சம், அசையாத நாற்காலி எல்லாம் இருக்கும். சிராங்கூன் சாலையில் எது இருக்கிறது?

இப்போது என் பலகையை இதில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலம் 100, அதாவது தூரத்தில் 220-இல் ஒரு பங்கு. நடுத்தரம், படிக்கலாம். தமிழ் 55, அதாவது 400-இல் ஒரு பங்கு. உற்றுப் பார்க்கும் எல்லைக்கும் கீழே. அந்த அம்மா கண்ணாடி போட்டிருந்தும் படிக்க முடியாததில் வியப்பே இல்லை.

இரண்டாவது பலகைக்கு வரும்போது எனக்கு இடம் எவ்வளவு என்பதும் தெரியும். லிட்டில் இந்தியா 1989-இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. கடைவீட்டு முகப்பின் அலங்கார வேலைப்பாடுகளை மூடிப் பலகை மாட்ட முடியாது. வெளிப்புறப் பலகைக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் உரிமமும் வேண்டும். எனக்குக் கிடைத்தது ஐந்தடி நடைபாதைக்கு மேலே இருக்கும் உத்தரம் மட்டும்: 4.2 மீட்டர் அகலம், 600 மி.மீ. உயரம்.

தமிழ் உடம்பை 183 ஆக்கினால், 0.55-ஆல் வகுத்து முழு வரிக்கு 333 மி.மீ. வேண்டும். அப்போது ஆங்கிலத்துக்குப் போதுமான இடம் மிஞ்சாது. எனக்கு வரும் வாடிக்கையாளர்களில் தமிழ் தெரியாதவர்களும் உண்டு. அதனால் உடம்பு 150 என்று இறங்கினேன். தூரத்தில் 147-இல் ஒரு பங்கு, பரவாயில்லை. வரியின் மொத்த உயரம் 273. ஆங்கிலம் 110. மேலே, நடுவே, கீழே தலா 60 வெற்றிடம். கூட்டினால் 563, உத்தரத்துக்குள் அடங்கியது. முதல் பலகையில் இருந்த தொலைபேசி எண், 'பிளவுஸ், சுடிதார், பால்ஸ் வைத்துத் தரப்படும்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். எதிர்ச்சாரியில் நிற்பவருக்குப் பால்ஸ் பற்றித் தெரிய வேண்டியதில்லை. அதெல்லாம் இப்போது கண்ணாடிக் கதவில் 25 மி.மீ. ஸ்டிக்கராக இருக்கிறது. மூன்று மீட்டரிலிருந்து படிப்பவருக்கு அது போதும்.

ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. 'தையல்' என்ற சொல்லைக் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தாலும் படித்துவிடுவார்கள். பழகிய சொல், மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். கடைப் பெயர் அப்படி இல்லை, முன்பின் பார்க்காத சொல். என் கடைப் பெயரில் 'ண்ண' வேறு வருகிறது, இரண்டு 'ண' ஒட்டி நின்றால் தூரத்தில் வெறும் வளையக் கூட்டம். இடம் கொஞ்சம்தான் இருக்கிறதென்றால் பெயரைப் பெரிதாக்கி, 'தையல்' போன்ற சொல்லைச் சிறிதாக்குங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கொட்டேஷனில் இந்த முறை "தமிழ் எழுத்து 150 மி.மீ. ('ய' எழுத்தின் உயரம்)" என்று எழுதச் சொன்னேன். பலகை செய்பவர் சீனர், தமிழ் தெரியாது. ஒரு தாளில் 'ய' வரைந்து, தலையிலும் அடியிலும் கோடு போட்டுக் காட்டினேன். ஒரே நிமிடத்தில் புரிந்துகொண்டார். (இன்னொன்று: அவர் அனுப்பிய முதல் வரைவில் 'தை' எழுத்தின் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போயிருந்தது. அவருடைய மென்பொருளில் தமிழ் எழுத்துரு சரியாக வேலை செய்யவில்லை. எழுத்துகளைக் கோட்டு வடிவமாக மாற்றிய பி.டி.எஃப். கோப்பாக நாமே கொடுத்துவிடுவது நல்லது.)

வரைவு வாட்ஸ்அப்பில்தான் வரும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "நன்றாகத் தெரிகிறதே" என்று சரி சொல்லிவிடுகிறோம். பெரிதாக்காமல் பாருங்கள். என் கைபேசியில் 4.2 மீட்டர் பலகை 7 சென்டிமீட்டர் அகலமாகத் தெரிந்தது. அறுபதில் ஒரு பங்கு. 22 மீட்டரில் அறுபதில் ஒரு பங்கு சுமார் 37 சென்டிமீட்டர். கைபேசியை அவ்வளவு தூரத்தில் பிடித்தால், எதிர்ச்சாரியில் நிற்பவருக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். கிட்டப் பார்க்கக் கண்ணாடி தேவைப்படுபவர் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். பழைய பலகையின் படத்தையும் இப்படிப் பிடித்துப் பார்த்தேன். அதே கோடு கோடு.

இதோடும் நிற்கவில்லை. பெயரை மட்டும் முழு அளவில் பல ஏ3 தாள்களில் அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, கடையில் வேலை பார்க்கும் தம்பியை உத்தரத்தருகே பிடிக்கச் சொல்லி எதிரே போய்ப் பார்த்தேன். நேராகப் பார்க்கையில் அருமை. பக்கவாட்டில் 25 மீட்டர் நகர்ந்து சாய்வாகப் பார்த்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது. அங்கிருந்து தூரம் 33 மீட்டர். உயரம் சமாளித்தது, ஆனால் சாய்வில் அகலம் மூன்றில் ஒரு பங்கு சுருங்கி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உயரத்தைத் தொடாமல் எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை மட்டும் கூட்டச் சொன்னேன். இரண்டாவது அட்டையில் சரியானது.

ஒரு தவறு அப்படியும் நடந்தது. உள்ளே எல்.இ.டி. விளக்கு எரியும் பெட்டி எழுத்துகள் எடுத்தேன். தடிமனாக இருந்தால் நன்றாகத் தெரியும் என்று நானே தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். பகலில் குறை இல்லை. முதல் இரவு விளக்கைப் போட்டதும் 'ண'வின் வளையங்களுக்குள் வெளிச்சம் நிரம்பி ஓட்டையே மறைந்துவிட்டது. ஒளிரும் எழுத்து இருட்டில் தன் தடிமனைவிடத் தடிமனாகத் தெரியும். பகலுக்குப் பொருந்தும் தடிமன் இரவுக்கு அதிகம். எழுத்தை மாற்றப் பணம் இல்லை. ஒளியைக் குறைக்கும் டிம்மர் ஒன்றை மின்வழங்கிக்கும் விளக்குகளுக்கும் நடுவே போட்டார்கள். சுமார் பாதிக்குக் குறைத்ததும் வளையங்கள் திறந்தன. மறுபடி செய்தால் ஒரு படி மெலிந்த எழுத்துருவை எடுப்பேன். ரொம்பவும் மெலிந்தால் கோட்டுக்குள் விளக்கு வரிசை உட்காராது என்று பலகை செய்பவர் சொன்னார், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்று வருடத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள். ஆங்கில வரி சிவப்பு ஸ்டிக்கர். மாலை வெயில் நேராக விழுவதால் அது வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டது. உயரம் மாறவில்லை, ஆனால் வெள்ளைப் பின்னணியில் முன்பு படித்த தூரத்திலிருந்து இப்போது படிக்க முடியவில்லை. அடுத்த முறை கருநீலம்.

அப்புறம், ஐந்தடிக்குள் நடந்து வருபவர்கள். தலைக்கு மேலே உத்தரத்தில் இருக்கும் பலகை அவர்கள் கண்ணில் படவே படாது, அதில் எத்தனை பெரிய எழுத்து இருந்தாலும். அவர்களுக்காக நடைபாதையின் கூரையிலிருந்து குறுக்காக ஒரு சின்னப் பலகை தொங்கவிட்டேன். எட்டு மீட்டரிலிருந்து படித்தால் போதும் என்று தமிழ் உடம்பு 60 மி.மீ. வைத்தேன். கடைக்கு முதல்முறை வருபவர்களிடம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பேன். பாதிப் பேர் இந்தச் சின்னப் பலகையைத்தான் சொல்கிறார்கள். ஈசூன் அம்மா மட்டும் இன்னும் எதிர்ச்சாரியில் பேருந்திலிருந்து இறங்கித்தான் வருகிறார். போன தீபாவளிக்கு பிளவுஸ் கொடுக்க வந்தவர், "இப்ப பஸ்ஸுக்குள்ள இருந்தே தெரியுது" என்றார்.