மேலிருந்து கத்துவதா, கீழிருந்து தட்டுவதா: எதிரொலியால் பாறை உயரம் அளக்கும் வழிகள்

பள்ளிக்கூடக் கணக்கு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். பாறையைப் பார்த்து ஒருவன் கத்துகிறான், இத்தனை வினாடியில் எதிரொலி கேட்கிறது, தூரம் என்ன? நேரத்தை ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் விடை. கொடைக்கானலுக்கோ குன்னூருக்கோ வந்து ஒரு விளிம்பில் நின்றதும் இந்தக் கணக்கை அப்படியே பள்ளத்தாக்கின் பக்கம் திருப்பப் பலருக்கும் தோன்றும். கீழே பார்த்துக் கத்தி, திரும்பி வரும் நேரத்தைப் பாதியாக்கினால் பாறையின் உயரம் வந்துவிடும் என்று நினைப்பார்கள்.

வராது. மேலிருந்து கத்துவதும் கீழிருந்து அளப்பதும் ஒரே முறையின் இரண்டு வடிவம் போலத் தெரிந்தாலும், முதலாவதில் நீங்கள் எதை அளந்தீர்கள் என்றே சொல்ல முடியாது.

பசுமைப் பள்ளத்தாக்கு போன்ற இடத்தில் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். வாயிலிருந்து ஒலி முன்னால் பாய்கிறது. கீழே போகும் கொஞ்ச ஒலியும் சரிவில், உருண்டு கிடக்கும் பாறைகளில், சோலைக்காட்டின் இலைகளில் பட்டுச் சிதறிவிடும். அடிவாரம் உங்களை நேர் பார்த்தபடி மட்டமாக, கெட்டியாக இருந்தால்தான் அங்கிருந்து ஒலி திரும்பும். மலையடிவாரம் அப்படி அமைவதே இல்லை எனலாம். அப்படியானால் கேட்கிற எதிரொலி எங்கிருந்து வருகிறது? எதிர்ப்பக்கச் சரிவிலிருந்தோ பக்கவாட்டில் நீண்டிருக்கும் பாறை முகத்திலிருந்தோ வருகிறது. நிற்கும் பாறை 200 மீட்டர் ஆழம், எதிர்ச்சரிவு 400 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், அடிவார எதிரொலி சுமார் 1.2 வினாடியில் வரவேண்டும். காதில் விழுவதோ 2.35 வினாடியில் வரும் எதிர்ச்சரிவின் குரல். அதைப் பாதியாக்கி உயரம் 400 மீட்டர் என்று எழுதிக்கொண்டால் சரியாக இரண்டு மடங்கு பிழை.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கம்பித் தடுப்புக்கு உள்ளேயே நின்று இடது, நேர், வலது என்று முகத்தைத் திருப்பித் திருப்பி ஒரே மாதிரி கத்துங்கள். திசைக்குத் திசை எதிரொலியின் பலமோ நேரமோ மாறினால், அது அடிவாரத்திலிருந்து வரவில்லை. மேலிருந்து கத்தும் முறையை நான் முழுக்கவே ஒதுக்கிவைக்கச் சொல்வது இதனால்தான்.

கீழிருந்து அளக்கும் முறையில் எதிரொலியிடம் உயரத்தைக் கேட்பதே இல்லை. பாறைச் சுவருக்கு எதிரே, ஓரளவு மட்டமான தரையில் நின்று, சுவருக்கும் நமக்கும் உள்ள தூரத்தை மட்டும் அதனிடம் கேட்கிறோம். உயரத்தைத் தருவது கோணம். ஜியாமெட்ரி பாக்ஸிலுள்ள கோணமானியில் நூல் கட்டி ஒரு சிறு எடையைத் தொங்கவிட்டு, அதன் நேர் விளிம்பு வழியாகப் பாறை உச்சியைப் பார்த்தால், நூல் காட்டும் அளவுக்கும் 90-க்கும் உள்ள வித்தியாசமே கோணம். தூரத்தை அந்தக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கினால் கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம். பாறையின் அடி கண்மட்டத்துக்குக் கீழே இருந்தால் அந்தக் கோணத்தையும் அளந்து, அது தரும் உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி நேரத்தை எதனால் அளப்பது? இங்கேதான் போட்டி.

ஸ்டாப்வாட்சைக் கட்டைவிரலால் அழுத்துவது முதல் வழி. கேட்டதும் அழுத்த மனிதருக்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். கேட்கக் கொஞ்சம்தான், ஆனால் அந்த நேரத்தில் ஒலி போய்வரும் தூரத்தில் பாதி 34 மீட்டர். சுவர் 150 மீட்டர் தள்ளி இருந்தால் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பிழை. பலமுறை அளந்து சராசரி எடுத்தாலும் முழுக்கத் தீராது, ஏனென்றால் விரல் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக, தாமதமாகவே பிழை செய்கிறது.

இரண்டாவது, தாளம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நியூட்டன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் தாழ்வாரத்தில் ஊசலை வைத்து எதிரொலியின் நேரத்தைக் கணித்தார். ஒலியின் வேகத்தை அறிய அவர் கையாண்ட உத்தியும் இதற்கு உறவுதான்: ஒரே எதிரொலியைத் துரத்திப் பிடிக்காமல், சீராக நிகழும் ஒன்றோடு அதைப் பொருத்திப் பார்ப்பது.

நாம் செய்யவேண்டியது இவ்வளவுதான். மெதுவாகக் கை தட்டத் தொடங்குங்கள். தட்டு, எதிரொலி, தட்டு, எதிரொலி என்று எல்லா இடைவெளியும் ஒன்றுபோல் ஆகும்வரை வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு, எதிரொலி அரை இடத்தில் விழவேண்டும் என்றாலே புரிந்துவிடும். அது நிலைத்ததும் ஒரு தட்டை சுழி என்று எண்ணி ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, இருபதாவது தட்டில் நிறுத்துங்கள். இந்த நேரத்தில் எதிரொலிக் காலம் நாற்பது முறை அடங்கியிருப்பதால், விரலின் 0.2 வினாடியும் நாற்பதாகப் பங்கு போடப்பட்டு, பிழை ஒரு மீட்டருக்குள் சுருங்கிவிடும். தாளத்தில் வரும் தடுமாற்றத்தைச் சேர்த்தாலும் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போகாது.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதல் தட்டையே ‘ஒன்று’ என்று எண்ணினால் பத்தொன்பது இடைவெளிதான் அளக்கப்படும். 150 மீட்டர் 142 ஆகிவிடும். அடுத்தது நயமான பொறி. மூன்று மடங்கு வேகத்தில் தட்டினாலும் எதிரொலி இரண்டு தட்டுகளுக்கு நடுவேதான் விழும். ஆனால் அது போன தட்டின் எதிரொலி அல்ல, அதற்கும் முந்தைய தட்டினுடையது. சந்தேகம் வந்தால் சட்டென்று தட்டுவதை நிறுத்திக் கேளுங்கள். கடைசித் தட்டுக்குப் பிறகு ஒரே எதிரொலி வந்தால் சரி. இரண்டு வந்தால் வேகம் அதிகம்.

மூன்றாவது, செல்போனில் பதிவு செய்வது. ஒரே ஒரு தட்டு போதும். பதிவை Audacity போன்ற மென்பொருளில் திறந்தால், தட்டு ஊசிபோல் எழுந்து நிற்கும். கொஞ்சம் தள்ளி எதிரொலி குட்டையாக, அகலமாகத் தெரியும். இரண்டின் தொடக்கத்துக்கும் இடையிலான நேரத்தை ஆயிரத்தில் ஒரு வினாடிவரை படிக்கலாம். துல்லியத்தில் இதை வெல்ல ஆளில்லை. தாளத்தால் சொல்லமுடியாத இன்னொன்றையும் இது காட்டும்: எதிரொலி 0.05 வினாடிக்கு இழுபட்டிருந்தால், ஒலியைத் திருப்பி அனுப்பும் பாறை முகங்கள் எட்டு மீட்டருக்கு மேல் முன்பின்னாக இருக்கின்றன என்று பொருள். ஆனால் பல செல்போன்கள் பின்னணி இரைச்சலைக் குறைப்பதாக எண்ணி மெல்லிய எதிரொலியையும் துடைத்துவிடுகின்றன. மலைக்காற்று மைக்கில் மோதினாலும் அது மூழ்கிப்போகும். காதுக்குத் தெளிவாகக் கேட்டது பதிவில் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

ஓர் அளவை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். வட்டக்கானல் பக்கம் ஒரு பாறைச் சுவர், எதிரே மட்டமான புல்வெளி. வெப்பநிலை 14 டிகிரி. உயரமான இடத்தில் காற்று மெலிந்திருப்பதால் ஒலி மெதுவாகும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. காற்றழுத்தம் வேகத்தை மாற்றாது, வெப்பம்தான் மாற்றும். சுழி டிகிரியில் வினாடிக்கு 331 மீட்டர், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.6 கூட்டினால் 14 டிகிரியில் ஏறக்குறைய 340.

முதல் இடத்தில் இருபது இடைவெளிக்கு 35.2 வினாடி. ஓர் இடைவெளி 1.76, எதிரொலி நேரம் 0.88, தூரம் 150 மீட்டர். உச்சிக்குக் கோணம் 34 டிகிரி, அடிக்குக் கீழ்நோக்கி 2 டிகிரி. மேலே 101, கீழே 5, ஆக 106 மீட்டர். இங்கேயே நிறுத்தியிருந்தால் 106 என்றே எழுதியிருப்போம்.

சுவரிலிருந்து நேராகப் பின்வாங்கி மறுபடி அளந்தபோது இருபது இடைவெளிக்கு 51.8 வினாடி, அதாவது தூரம் 220 மீட்டர். உச்சிக்குக் கோணம் 25.5 டிகிரி. இப்போது மேலே 105, மொத்தம் 110 மீட்டர். நகர்ந்தது நாம்தான், பாறை வளரவில்லை. உச்சி சுவருக்குப் பின்னால் சாய்ந்து போயிருக்கிறது: எதிரொலி அருகிலுள்ள முகத்தின் தூரத்தைச் சொல்கிறது, கண் பார்க்கும் உச்சியோ அதற்கும் அப்பால் இருக்கிறது. இரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட 70 மீட்டரை, இரண்டு கோணங்களின் காட் மதிப்புகளின் வித்தியாசத்தால் வகுத்தால் சாய்வு கழிந்துவிடும். 70-ஐ 0.614-ஆல் வகுக்க 114. அடியிலுள்ள 5-ஐச் சேர்த்தால் 119 மீட்டர். உச்சி சுமார் 19 மீட்டர் பின்னால் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது.

இந்தச் சரியான வழிக்கும் ஒரு விலை உண்டு. இரண்டாவது கோணத்தை அரை டிகிரி தப்பாகப் படித்தால் 119 என்பது 111 ஆகவோ 128 ஆகவோ மாறும். நூல் காற்றில் ஆடும்போது அரை டிகிரி தப்புவது வெகு சுலபம். எனவே கவனத்தையெல்லாம் ஒலியில் செலவழிக்காமல், கோணத்தைக் காற்று அடங்கிய வேளையில் பலமுறை பாருங்கள். வெப்பநிலையை ஐந்து டிகிரி தப்பாகக் கணித்தாலும் 150 மீட்டரில் ஒன்றரை மீட்டர்கூட மாறாது. அதற்காக அலைய வேண்டாம்.

கல்லைப் போட்டு எண்ணுவதையும் போட்டியில் சேர்க்கச் சொல்வார்கள். கொடைக்கானலின் தூண் பாறைகளுக்குச் சொல்லப்படும் 122 மீட்டரிலிருந்து கல் விழுந்து சத்தம் மேலே வர ஏறக்குறைய 5.3 வினாடி ஆகும். விரல் 0.2 வினாடி தப்பினாலும் பிழை ஒன்பது மீட்டருக்குள்தான், மேலிருந்து கத்துவதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் செய்யவே கூடாது. கீழே ஆள் நடக்கும் பாதை இருக்கலாம், மாடு மேயலாம், பனிமூட்டத்தில் எதுவும் தெரியாது.

சத்தத்துக்கும் இடம் பார்க்க வேண்டும். நீலகிரியில் ஒருமுறை தட்டத் தொடங்குமுன்பே கூட வந்த வழிகாட்டித் தம்பி என் கையைப் பிடித்து, “அண்ணே, அங்க பாருங்க, தேன் அடை. இந்தப் பக்கம் வேண்டாம்” என்றார். பாறையின் துருத்தலுக்கு அடியில் கருப்பாக, அரைவட்டமாக வரிசையாய்த் தொங்கின. மலைத்தேனீ கலைந்தால் ஓடித் தப்ப முடியாது. அன்று கோணத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தோம்.

கத்தலா, தட்டலா என்பதைத் தூரம் முடிவு செய்யும். “ஓ...” என்று இழுத்துக் கத்தினால் அரை வினாடிக்கு உங்கள் குரலே காதை அடைத்துக்கொள்ளும், 85 மீட்டருக்குள் இருக்கும் சுவரின் எதிரொலி தொடங்கும் இடமே தெரியாது. கைதட்டு குட்டையானது, கூர்மையானது, ஆனால் பலமில்லை. இரண்டு மரக்கட்டைகளை மோதினால் இன்னும் கொஞ்ச தூரம் எட்டும். 300 மீட்டரைத் தாண்டிய சுவர்களுக்கு அதுவும் போதாமல் போகும், அங்கே “ஹேய்!” என்று வெட்டி நிறுத்தும் கத்தல்தான் எடுபடும். 500 மீட்டரில் எதிரொலிக்கு 3 வினாடி ஆவதால் அவ்வளவு மெதுவான தாளத்தைக் கை தாங்காது. ஆனால் அங்கே கட்டைவிரலின் 0.2 வினாடி ஏழு சதவீதம்தான், எனவே ஸ்டாப்வாட்சே போதும். தொல்லை கோணத்தில் வரும்: அந்தத் தூரத்தில் 100 மீட்டர் பாறை 11 டிகிரிதான் எழும், ஒரு டிகிரி தப்பினால் ஒன்பது மீட்டர் போய்விடும்.