கொத்துக் கல்லா, கடைசல் கல்லா: மலைக்கு வந்த இரண்டு கிரைண்டர்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கும் குன்னூரில் நாத்தனார் வீட்டுக்கும் ஒரே நாளில் புது கிரைண்டர் வாங்கினோம். மேட்டுப்பாளையத்தில் ஒரே கடை. எனக்கு இரண்டு லிட்டர் டேபிள் டாப், அவளுக்கு ஐந்து லிட்டர் டில்டிங். எத்தனை லிட்டர் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது வேறு: கல்லை எப்படிச் செய்தார்கள், பின்னால் அதைக் கொத்த முடியுமா?

அவளுடையதில் ஒரே பெரிய குழவி. உளியால் கொத்திய கல், கைவைத்தாலே சொரசொரக்கும். என்னுடையதில் இரண்டு சின்ன உருளைகள். இயந்திரத்தில் கடைந்தவை, வழவழவென்று இருந்தன.

கடையிலேயே இரண்டு சோதனை செய்துவிடலாம். முதலாவது, ஆணியால் ஓரத்தில் கீறுவது. நல்ல கருங்கல் ஆணியைவிடக் கடினமானது. கல்லில் பள்ளம் விழாது, ஆணியின் இரும்புதான் பளபளப்பான கோடாக ஒட்டும். மாவாக உதிர்ந்து பள்ளம் விழுந்தால் அந்தக் கல் உங்கள் இட்லியிலும் உதிரும். இரண்டாவது, தண்ணீர் தெளித்துக் காயவிடுவது. நாத்தனாருக்குக் காட்டிய முதல் குழவியில் ஒரு கோடு தெரிந்தது. "அது கல்லோட ரேகைக்கா" என்றார் கடைக்காரர். ரேகையாக இருந்தால் மற்ற இடத்தோடு சேர்ந்தே காய்ந்துவிடும். இது, சுற்றிலும் உலர்ந்த பிறகும் கறுப்பாக ஈரம் காட்டியது. நாணயத்தால் தட்டினால் கணீரென்று இல்லாமல் மந்தமாகக் கேட்டது. விரிசல்தான். வேறு எடுக்கச் சொன்னோம்.

வீட்டுக்கு வந்ததும் பழக்க வேண்டும். சோப்பு வேண்டாம். நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெறும் தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டிக் கொட்டினேன். அப்புறம் ஊறிய ரேஷன் பச்சரிசி கால் கிலோ, ஒரு பிடி கல்லுப்பு, இருபது நிமிடம். அந்த மாவைக் கொட்ட வேண்டியதுதான், தோசைக்கு ஆசைப்படக் கூடாது. கல் உதிர்வது நின்றதா என்று நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கரண்டி மாவை டம்ளர் தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் தெளியவிட்டு மேலே நிற்பதை வடிக்க வேண்டும். அடியில் தங்கியதை விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எனக்கு இரண்டாவது ஓட்டத்திலேயே தெளிந்தது. அவளுக்கு ஐந்து ஓட்டம் ஆனது. உளி பட்ட கல்லில் பாதி பெயர்ந்த துணுக்குகள் நிறைய ஒட்டியிருக்கும், அதனால்தான்.

இதுவரை டேபிள் டாப்புக்கே வெற்றி. ஆனால் அடுத்த வாரம் என் கல் சோதித்தது. நாற்பது நிமிடம் ஓடியும் அரிசி ரவையாகவே நின்றது. பக்கத்து வீட்டு அக்கா, "கல்லு வழவழன்னு இருக்கு, கொத்த விடு" என்றார். நான் ஊறிய அரிசியை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளையாகக் கடினம். நம் ஊர்க் குளிர்த் தண்ணீரில் நான்கு மணி நேரம் போதவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆறு மணி நேரம் ஊறவைத்தேன். முதலிலேயே தண்ணீரை மொத்தமாக ஊற்றுவதையும் விட்டேன். அரிசி மிதந்தால் கல் அதன் மேல் வழுக்கி ஓடும், பிடிக்காது. அரை மணி நேரத்தில் நைசாக வந்தது. (சமவெளியில் மாவு சூடாகாமல் இருக்க ஐஸ் தண்ணீர் விடுவார்கள். இங்கே அந்தச் சூடு புளிக்க உதவும், ஐஸ் தண்ணீர் வேண்டாம்.)

நன்றாக ஊறிய அரிசி, அளவான தண்ணீர், அப்படியும் ரவை, கூடவே கல்லில் கண்ணாடிப் பளபளப்பு. இத்தனையும் சேர்ந்தால்தான் கொத்து தேவை. இங்கே டில்டிங் முந்துகிறது. அதன் கல் கனமானது, உளியடியைத் தாங்கும். மேலாகப் புள்ளி புள்ளியாகக் கொத்தினால் போதும். ஆழமாகக் கொத்தினால் பள்ளத்தில் மாவு தங்கிப் புளித்து நாறும். டேபிள் டாப்பில் அடிக்கல்லை மெல்லிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டியிருப்பார்கள். ஓங்கி அடித்தால் ஒட்டு விட்டுத் தண்ணீர் கசியும். உருளையில் அச்சுத் துளைக்குப் பக்கத்தில் அடித்தால் கல்லே பிளக்கலாம். அதனால் அதை அந்தக் கம்பெனி சர்வீஸில் கொடுப்பதோ, உருளையை மாற்றுவதோதான் வழி. எதில் கொத்தினாலும் பச்சரிசி, கல்லுப்பு ஓட்டம் மறுபடி முதலிலிருந்து.

"அம்மி கொத்தலையோ" என்ற குரல் எங்கள் தெருவில் கேட்டு வருடங்கள் ஆகின்றன. நான்கு பேர் உள்ள என் வீட்டுக்கு டேபிள் டாப்பே சரி. நாத்தனார் காலையில் இட்லிக் கடைக்கு மாவு கொடுக்கிறாள், தினமும் ஓடுகிற கல் சீக்கிரம் மழுங்கும், அவளுக்கு டில்டிங்தான். என்ன, அதை அவள் வீட்டுப் படிகளில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. கொத்துக்காரரை மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைக்க பஸ் காசு தன் கணக்கு என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள்.