தினசரி வலிப்பதிவில் ஸ்லைடரும் எண் பட்டன்களும்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

முழங்கால் வலிக்கான சிகிச்சையின் ஒரு பகுதியாக, அன்றன்றைய வலியின் அளவை மாலையில் கைபேசியில் பதிவு செய்து வருகிறேன். முதலில் பயன்படுத்திய படிவத்தில் ‘வலியே இல்லை’ என்பதிலிருந்து ‘தாங்கவே முடியாத வலி’ வரை நீளும் ஒரு கோடும், அதன்மேல் இழுத்து நகர்த்தும் குமிழும் இருந்தன. பிறகு அதே கேள்வி 0 முதல் 10 வரையிலான எண் பட்டன்களாக மாறியது. இரண்டிலும் மாதக்கணக்கில் பதில் அளித்த பின், கைபேசியில் இக்கேள்விக்கு எண்களே பொருத்தம் என்ற உறுதியான கருத்துக்கு வந்திருக்கிறேன்.

ஸ்லைடரின் பெருங்குறை, குமிழ் முன்கூட்டியே ஓரிடத்தில் நிற்பதுதான். இணையப் படிவங்களில் ஸ்லைடர் பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது:

```html
<input type="range" min="0" max="100">
```

தொடக்க மதிப்பு எதுவும் தரப்படாவிட்டால் உலாவி குமிழை நடுவில், அதாவது 50-இல், நிறுத்திவிடும். இந்த வகை உள்ளீட்டுக்கு வெறுமை நிலை என்பதே கிடையாது. கட்டாயம் பதில் வேண்டும் என்பதற்காக `required` சேர்த்தாலும் இதற்கு அது செல்லுபடியாகாது. எனவே ஒருவர் கோட்டைத் தொடாமலே ‘அடுத்து’ என்பதை அழுத்தினாலும் 50 என்ற எண் பதிவாகிவிடுகிறது. என் வரைபடத்தைப் பார்த்த இயன்முறை மருத்துவர், அடுத்தடுத்த சில நாட்களில் 50 என்றே இருந்ததைச் சுட்டிக்காட்டி, வலி உண்மையில் அப்படியே நின்றதா என்று கேட்டார். அவற்றில் எது நான் எண்ணி வைத்த 50, எது தானாக நின்ற 50 என்று அந்தத் தரவைக் கொண்டு எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. குமிழை இடது ஓரத்தில் நிறுத்தினாலும் சிக்கல் தீராது. அப்போது பதில் சொல்லாதவரும் வலியே இல்லாதவரும் ஒன்றாகிவிடுவார்கள்.

அடுத்தது விரலின் பருமன். காகிதத்தில் இந்தக் கோடு வழக்கமாக 100 மி.மீ. நீளம் கொண்டது, பேனா முனையால் குறியிட்டுவிட்டு, அளவுகோலை வைத்து மி.மீ. கணக்கில் படிப்பார்கள். நிமிர்த்திப் பிடித்த கைபேசியிலோ, ஓர இடைவெளி போகக் கோட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 55 மி.மீ. மட்டுமே. அதில் 101 மதிப்புகளை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் அரை மி.மீ. அளவுக்குத்தான் இடம் இருக்கும். திரையில் பதியும் விரல்நுனியோ 8 முதல் 10 மி.மீ. அகலம் உடையது. 62-இல் நிறுத்த விரும்பி விரலை எடுத்தால், எடுக்கும் கணத்தில் தொடுபரப்பின் மையம் சற்றே நகர்ந்து 64 அல்லது 65 என்று பதிவாகிறது. குமிழையும் அதன் எண்ணையும் விரலே மறைத்துக்கொள்வதால், கையை எடுத்த பின்னரே அது தெரியவரும். இரண்டு மூன்று முறை திருத்திப் பார்த்துவிட்டு ‘இருக்கட்டும்’ என்று விடுவதே இயல்பு. நாள்பட்ட வலியில் 0–10 அளவில் ஏறத்தாழ 2 புள்ளி, அதாவது 0–100 கோட்டில் ஏறத்தாழ 20, குறைந்தால்தான் நோயாளி உணரத்தக்க மாற்றம் என்று பொதுவாகக் கொள்ளப்படுவதை நினைத்தால், 62-க்கும் 64-க்கும் இடையிலான இந்தப் போராட்டத்துக்கு மருத்துவப் பயனும் இல்லை.

பக்கத்தை மேலே தள்ளும்போது கட்டைவிரல் கோட்டில் பட்டுக் குமிழ் நகர்ந்துவிடுவதும், சைகைகளால் இயங்கும் கைபேசிகளில் இடது ஓரத்திலிருந்து இழுக்கும்போது முந்தைய பக்கத்துக்குத் திரும்பிவிடுவதும் அவ்வப்போது நேர்ந்தன.

எண் பட்டன்களில் இந்தத் தொல்லைகள் பெரிதும் விலகுகின்றன. தொடக்கத்தில் எதுவும் தேர்வாகி இருக்காது. ஆகவே விடுபட்ட பதில் விடுபட்டதாகவே பதிவாகும். ஆனால் பட்டன்களை அமைக்கும் விதத்தில் கவனம் வேண்டும். 360 பிக்சல் அகலத் திரையில் 11 பட்டன்களை ஒரே வரிசையில் வைத்தால், ஓர இடைவெளியே விடாவிட்டாலும், ஒன்றுக்கு 33 பிக்சல்கூடக் கிடைக்காது; ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் தொடுபரப்போ 48. என் படிவத்தில் முதலில் அவை இரண்டு வரிசைகளாக மடிந்தன. 6-க்கு நேர்கீழே 0-க்கான விளக்கம் வந்து நின்றதால், கண் ஒவ்வொரு முறையும் தடுமாறியது. பின்னர் 0 மேலே, 10 கீழே என ஒற்றை நெடுவரிசையாக மாற்றினார்கள். 48 பிக்சல் உயரத்தில் 11 பட்டன்களுக்கு 528 பிக்சல் தேவைப்படும். கேள்வி இரண்டு வரிகளுக்குள் அடங்கினால் இன்றைய கைபேசிகள் பலவற்றில் முழுப் பட்டியலும் ஒரே பார்வையில் தெரியும். மனநிறைவு, உடன்பாடு போன்ற கேள்விகளுக்கு 11 படிகள் தேவையே இல்லை. ஒவ்வொன்றுக்கும் சொல்லால் பெயரிட்ட 5 படிகள் போதும்.

ஒரே மனிதரிடம் மிக நுண்ணிய மாற்றத்தை அடிக்கடி அளக்க வேண்டிய ஆய்வுகளில் தொடர் கோட்டுக்கு இடம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அங்கும், கைபேசியில்தான் கேட்டாக வேண்டுமென்றால், குமிழே இல்லாத வெறுங்கோட்டைக் காட்டி, விரல் தொட்ட இடத்தில் மட்டும் குறி தோன்றுமாறு அமைத்து, தொடாதவரை ‘அடுத்து’ பட்டனை இயங்காமல் வைக்க வேண்டும். கோட்டின் நீளம் கருவிக்குக் கருவி மாறுவதால், பங்கேற்பவர் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே கைபேசியில் பதில் அளிப்பதும் அவசியம்.