இன்டிசைன் ஸ்டைல்களை நம்பி ஓர் இதழை மறுவடிவமைத்த அனுபவம்

இதழ் ஒன்றின் பக்க வடிவமைப்பைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். இடையில் ஒரு முழு மறுவடிவமைப்பும் நடந்தது. அதற்கு முன்பும் பின்பும் பக்க வடிவமைப்பு நிரலான இன்டிசைனில்தான் வேலை. அதில் முழுப் பத்தியின் தோற்றத்தைச் சேமித்துவைக்கும் பாராகிராஃப் ஸ்டைல், பத்திக்குள் சில சொற்களுக்கு மட்டும் தனித் தோற்றம் தரும் கேரக்டர் ஸ்டைல் என்ற இரண்டையும் இத்தனை காலம் நெருக்கமாகப் பயன்படுத்திய பிறகு என் கருத்து உறுதியாகிவிட்டது. மறுவடிவமைப்பில் பாராகிராஃப் ஸ்டைலை மாற்றுவது எளிய வேலை. இதழின் பழைய தோற்றம் ஒளிந்திருப்பது கேரக்டர் ஸ்டைலில்தான். அதைச் சரிசெய்யாமல் எழுத்துருவையும் அளவையும் மாற்றினால் புதிய பக்கத்தில் பழைய இதழ் அங்கங்கே எட்டிப் பார்க்கும்.

எங்களுடைய கட்டுரை உரை முன்பு 10 பாயிண்ட் எழுத்து, லீடிங் எனப்படும் வரிக்கு வரி தூரம் 14 பாயிண்ட். புதிய வடிவமைப்பில் எழுத்துரு மாறியது, அளவு 9.5 ஆனது, லீடிங் 13 ஆனது. பக்கம் முழுவதும் சம இடைவெளியில் ஓடும் கோடுகளான பேஸ்லைன் கிரிட்டையும் 13 பாயிண்டுக்கு மாற்றி, உரை முழுவதும் அந்தக் கோடுகளில் உட்காரும்படி அமைத்தோம். 'கட்டுரை உரை' என்ற பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து இந்த எண்களைத் தட்டியதும் பக்கங்கள் எல்லாம் ஒரே நொடியில் மாறின. இந்த நிரலின் மிகப் பெரிய பலம் இதுதான், அதில் எனக்கு இன்றும் குறையில்லை. முதல் அச்சுப் பிரதி பிழை திருத்துபவரிடம் போனபோது அவர் ஒரு பத்தியைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்: "இந்த வரிக்கு மேல் மட்டும் ஏன் ஒரு வரி இடம் விட்டிருக்கிறீர்கள்?"

யாரும் இடம் விடவில்லை. அந்த வரியில் ஒரு தடித்த சொல் இருந்தது. அதேபோல் இடம் விழுந்திருந்த மற்ற வரிகளைத் தேடிப் பார்த்தால், அவற்றிலும் ஏதாவது ஒரு தடித்த சொல். தடித்த சொற்களுக்கென்று இருந்த கேரக்டர் ஸ்டைலைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. பழைய கோப்பில் யாரோ ஒரு தடித்த சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதிலிருந்த எல்லாவற்றையும் சேர்த்து ஸ்டைலாகச் சேமித்திருந்தார்கள். எழுத்துருவின் பெயர், 10 பாயிண்ட் அளவு, 14 பாயிண்ட் லீடிங் எல்லாமே அதற்குள் இருந்தன.

லீடிங் என்பது பத்தியின் பண்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இன்டிசைனில் அது எழுத்தின் பண்பு. ஒரு வரியில் வெவ்வேறு லீடிங் உள்ள எழுத்துகள் இருந்தால், இருப்பதிலேயே பெரியது அந்த வரி முழுவதையும் ஆளும். கிரிட் இல்லாத பக்கத்தில் அந்த வரி ஒரு பாயிண்ட் மட்டும் கீழே இறங்கியிருக்கும், கண்ணில்கூடப் படாது. எங்கள் பக்கத்தில் கிரிட் இருந்தது. முந்தைய வரியிலிருந்து 14 பாயிண்ட் தள்ளி நிற்க வேண்டிய வரிக்கு 13ஆம் பாயிண்டில் உள்ள கோடு எட்டவில்லை. அதனால் அடுத்த கோட்டுக்கு, அதாவது 26ஆம் பாயிண்டுக்கு, அது தாவிவிட்டது. ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசம் பத்தியின் நடுவில் ஒரு முழு வரி ஓட்டையாகத் தெரிந்தது. தடித்த எழுத்து உள்ள வரிக்கு மேல் மட்டும் இடைவெளி விழுகிறது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம், கேரக்டர் ஸ்டைலைத்தான் திறந்து பார்க்க வேண்டும். முழுப் பத்திக்கும் ஒரே லீடிங் என்று வைத்துக்கொள்ள நிரலின் விருப்பத்தேர்வுகளில் ஒரு வசதி இருக்கிறது. ஆனால் கேரக்டர் ஸ்டைல் வழியாக வரும் லீடிங்கை அது கட்டுப்படுத்தாது. அதனால் இங்கே அது உதவாது.

சரிசெய்த முறை இது. கேரக்டர் ஸ்டைலின் பொதுப் பகுதியில் Based On என்ற இடம் எந்த ஸ்டைலையும் சாராதபடி இருப்பதை உறுதிசெய்துகொண்டு, Reset To Base பொத்தானை அழுத்தினேன். ஸ்டைல் வெறுமையானது. பிறகு எழுத்துருக் குடும்பத்தின் பெட்டியைக் காலியாகவே விட்டு, Font Style பெட்டியில் மட்டும் Bold என்று தட்டினேன். அளவு, லீடிங், நிறம் எதையும் தொடவில்லை. கேரக்டர் ஸ்டைலில் காலியாக விட்ட பெட்டி, 'இதைப் பத்தியிடமே கேட்டுக்கொள்' என்று பொருள்படும். அப்படி விட்டுவிட்டால் அடுத்த முறை எழுத்துரு மாறும்போதும் தடித்த சொல் தானாகவே அதன் பின்னால் போகும். அதே பொதுப் பகுதியில் Style Settings என்ற சிறிய பெட்டி, ஸ்டைல் எதையெல்லாம் மாற்றுகிறது என்பதை ஒரே வாக்கியமாகக் காட்டும். ஒரு கோப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் படிப்பது அதைத்தான். தடித்த எழுத்துக்கான ஸ்டைலில் அந்த வாக்கியம் ஒரே பண்போடு முடிய வேண்டும். நீண்டுகொண்டே போனால் அது களையெடுக்க வேண்டிய ஸ்டைல்.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. Bold என்று நாம் தட்டும் சொல், புதிய எழுத்துருக் குடும்பத்தில் அந்தப் பெயரிலேயே இருக்க வேண்டும். நாங்கள் தேர்ந்தெடுத்த குடும்பத்தில் Semibold இருந்தது, Bold இல்லை. அதனால் தடித்த சொற்கள் எல்லாம் இளஞ்சிவப்புப் பின்னணியோடு, எழுத்துரு கிடைக்கவில்லை என்ற அடையாளத்தோடு நின்றன. முன்னோட்ட நிலையில் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த நிறம் தெரியாது, வழக்கமான நிலைக்கு வந்தால்தான் தெரியும். ஸ்டைலுக்குள் Semibold என்று மாற்றியதும் கட்டுரை உரை சரியானது. பெட்டிச் செய்திகளுக்கோ வேறொரு குடும்பம், அதில் Bold மட்டும்தான். எனவே அவற்றுக்குத் தனியாக ஒரு தடித்த ஸ்டைல் வைக்க வேண்டியதாயிற்று. 'இந்தக் குடும்பத்தில் எது தடித்ததோ அதை எடுத்துக்கொள்' என்று சொல்ல வழியிருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். இரண்டு எழுத்துருக் குடும்பங்களைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேயே அவற்றின் தடிமன்களுக்கு என்னென்ன பெயர்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

ஸ்டைலே இல்லாமல், பொத்தானை அழுத்தித் தடித்த எழுத்தாக்கிய சொற்கள் அடுத்த தலைவலி. பாராகிராஃப் ஸ்டைலின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால், அந்த இடத்தில் ஸ்டைலுக்கு மேல் யாரோ கையால் ஏதோ செய்திருக்கிறார்கள் என்று பொருள். அதே பேனலில் இருக்கும் ஹைலைட்டர் பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுவதும் அப்படிப்பட்ட இடங்கள் நிறமிட்டுத் தெரியும். எங்கள் பழைய கோப்பில் அதை அழுத்தியபோது கிட்டத்தட்ட எல்லாப் பக்கமும் நிறம் பூசிக்கொண்டது. முன்பு எப்போதோ எழுத்துருவை மாற்றுபவர், எழுத்துருக்களைத் தேடி மாற்றும் பட்டியலின் வழியாக மாற்றியிருக்கிறார். அந்த ஜன்னலின் அடியில், ஸ்டைல்களையும் சேர்த்து மாற்றவா என்று கேட்கும் ஒரு தேர்வுப் பெட்டி உண்டு. அதைக் குறியிடாமல் எல்லாவற்றையும் மாற்றினால் ஸ்டைல் பழைய எழுத்துருவிலேயே இருக்கும், எழுத்துகள் மட்டும் புதிய எழுத்துருவுக்குப் போய்விடும். பார்வைக்கு வேலை முடிந்தது போலத் தெரியும். ஆனால் அதன்பின் ஸ்டைலில் எழுத்துருவை மாற்றினால் உரை அசையாது.

இதைத் துடைக்கும்போது வரிசை முக்கியம். கையால் செய்த மாற்றங்களை நீக்கும் பொத்தானை முதலிலேயே அழுத்தினால், கட்டுரையாளர் வேண்டுமென்றே தடித்த எழுத்தில் கேட்ட சொற்களும் சாதாரண எழுத்தாகிவிடும். எந்தச் சொல் என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. அதனால் முதலில் Find/Change ஜன்னலைத் திறந்து, தேட வேண்டிய வடிவமாக Font Style இடத்தில் Bold என்றும் கேரக்டர் ஸ்டைல் எதுவும் இல்லாதது என்றும் கொடுத்தேன். மாற்ற வேண்டிய வடிவமாகத் தடித்த எழுத்துக்கான கேரக்டர் ஸ்டைலைக் கொடுத்தேன். கட்டுரை உரைக்குள் மட்டும் தேடும்படி பாராகிராஃப் ஸ்டைலையும் சேர்த்துக் குறிப்பிட்டேன். இல்லாவிட்டால் தலைப்புகளும் மாட்டிக்கொள்ளும். சாய்ந்த எழுத்துக்கும் இதே முறை. அதன்பிறகு ஒவ்வொரு கட்டுரையிலும் கர்சரை வைத்து உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து நீக்கும் பொத்தானை அழுத்தினேன். அந்தப் பொத்தான் கையால் செய்ததை மட்டுமே நீக்கும், கேரக்டர் ஸ்டைலைத் தொடாது. ஒன்றோடொன்று இணைந்த பெட்டிகளில் ஓடும் உரை ஒரே மூச்சில் முடிந்துவிடும். தனித்தனியாக நிற்கும் படக்குறிப்புகளும் பெட்டிச் செய்திகளும்தான் பொறுமையைச் சோதிக்கும்.

புதிய டெம்ப்ளேட்டில் ஸ்டைல்களின் பெயர்களை மாற்ற வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். இதழில் கையிருப்புக் கட்டுரைகள் எப்போதும் இருக்கும், பழைய கோப்பில் கட்டி முடித்தவை. ஒரு கோப்பிலிருந்து உரையை எடுத்து இன்னொன்றில் ஒட்டும்போது, இரண்டிலும் ஒரே பெயரில் ஸ்டைல் இருந்தால், ஒட்டும் கோப்பின் வரையறையே வெல்லும். அதனால் பழைய கட்டுரை புதிய டெம்ப்ளேட்டுக்குள் விழுந்ததும் புதிய தோற்றத்துக்கு மாறிவிடும், மேலே சொன்ன களையெடுப்பு முடிந்திருந்தால். பெயரில் ஓர் இடைவெளி கூடினாலும் அது வேறு ஸ்டைலாக வந்து சேரும். பேனலில் கோப்புறை போட்டு ஸ்டைல்களை அடுக்கினால் அந்தக் கோப்புறையும் பெயரின் பகுதியாகிவிடும். பழைய கோப்பில் வெளியே இருந்த 'கட்டுரை உரை', புதியதில் கோப்புறைக்குள் இருக்கும் 'கட்டுரை உரை'யோடு சேராமல் தனியாக வந்து நிற்கும். கோப்புறை வேண்டுமென்றால் இரண்டு கோப்புகளிலும் ஒரே மாதிரி வைக்க வேண்டும்.

இதே காரணத்தால் நிரலே தரும் Basic Paragraph ஸ்டைலை நான் எதற்கும் அடிப்படையாக வைப்பதில்லை. அது எல்லாக் கோப்பிலும் ஒரே பெயரில் இருக்கும், ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைச் சார்ந்த ஸ்டைலில் அமைத்த விளம்பரப் பக்கத்து உரையை நம் கோப்பில் ஒட்டினால், ஒட்டிய இடத்தில் உருவம் மாறிப்போகும். எங்கள் டெம்ப்ளேட்டில் எதையும் சாராத ஒரே தாய் ஸ்டைல் இருக்கிறது. கட்டுரை உரை, முதல் பத்தி, கேள்வி, பதில் எல்லாம் அதைச் சார்ந்தவை. முதல் பத்திக்குத் தொடக்க இடைவெளி இல்லை, அவ்வளவுதான் வேறுபாடு. தலைப்புகளை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கவில்லை. உரையின் எழுத்துரு மாறும்போது தலைப்பும் சேர்ந்து மாறினால் யாருக்கும் நல்லதில்லை.

வேர்டில் தட்டச்சு செய்து வரும் கட்டுரைகள்தான் இன்றும் களையைக் கொண்டுவருகின்றன. அவற்றோடு ஒட்டிவரும் ஸ்டைல்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வட்டு அடையாளம் தெரியும், அதனால் கண்டுபிடிப்பது சிரமமில்லை. அவற்றை நீக்கும்போது எதைக் கொண்டு மாற்றுவது என்று நிரல் கேட்கும், 'கட்டுரை உரை'யைக் காட்டிவிடுவேன். பயன்படுத்தாத ஸ்டைல்கள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுக்கும் வசதியும் அதே பேனல் மெனுவில் இருக்கிறது. அதை இதழ்க் கோப்பில் தாராளமாகப் பயன்படுத்துகிறேன், டெம்ப்ளேட்டில் ஒருபோதும் இல்லை. டெம்ப்ளேட்டில் உரையே இல்லாததால் அங்கே எல்லா ஸ்டைலும் பயன்படாததாகவே தெரியும்.